ஒருவர் பாலம் எண் 1 என்றார், இன்னொருவர் 3 என்றார். உங்களுக்கும் இப்படி நடந்ததா?

நித்திலவல்லி, கோவை

ஆடிட்டர் ஆபீஸில் வேலை. ஒரு தோழி வற்புறுத்தியதால் போனிலேயே எண்கணிதம் பார்க்கும் ஒருவரிடம் பேசினேன். நம்மூர் முறையில் பார்ப்பவர் இல்லை, மேல்நாட்டு முறை. பிறந்த தேதியைக் கூட்டி வாழ்க்கைப் பாதை எண் 4 என்றார். பெயரைக் கூட்டி 5 என்றார். இரண்டுக்கும் வித்தியாசம் 1, அதுதான் உங்கள் பாலம் எண் என்றார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. "உங்களுக்குள்ளே ரெண்டு பேர் இருக்காங்கம்மா. 4 எல்லாத்தையும் வரிசையா அடுக்கி வைக்கணும்னு பார்க்கும். 5 கதவு எங்கே இருக்குன்னு பார்க்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது வேலையை விட்டுடலாம்னு தோணுமே?" தோன்றும். செப்டம்பர் கடைசியில் வரித் தணிக்கை முடிந்த கையோடு ராஜினாமா கடிதம் டைப் செய்து சேமித்து வைப்பேன், அனுப்ப மாட்டேன். பாலம் 1 என்பதால் யாரையும் கேட்காமல் சின்னச் சின்ன முடிவுகளை நானே எடுத்துப் பழக வேண்டும் என்றார்.

ஆர்வத்தில் வேறொருவரிடமும் போனேன். அவருக்கும் பாதை எண் 4தான் வந்தது. ஆனால் பெயர் எண் 7, பாலம் 3. "4 வேலையை முடிச்சிடச் சொல்லும், 7 இன்னும் யோசிக்கச் சொல்லும். அதனால எதையும் முடிக்காம உள்ளேயே வெச்சுப் புழுங்குவீங்க. 3தான் பாலம். வாய்விட்டுப் பேசுங்க, எழுதுங்க" என்றார். அதுவும் நான்தான்! இரண்டும் எப்படிச் சரியாகும்? இந்தக் குழப்பம் வேறு யாருக்காவது வந்திருக்கிறதா?

ஈரோட்டுக்காரன்

சகோதரி, இதில் குழம்ப ஒன்றுமே இல்லை. பாலம் எண்ணுக்குப் பெயரே வேண்டாம். தேதியில் இருந்து மாதத்தைக் கழித்தால் போதும். நான் 8ஆம் தேதி, மே மாதம். 8இல் 5 போனால் 3. எனக்குப் பார்த்தவர் "மனசில இருக்கறதைச் சொல்லத் தயங்குவீங்க" என்றார். நூற்றுக்கு நூறு உண்மை. வாடகைக்கு விட்ட கடைக்காரரிடம் பாக்கியைக் கேட்கவே எனக்கு மூன்று மாதம் ஆனது.

பழைய பஞ்சாங்கம்

ஈரோட்டு நண்பரே, கழித்தல் என்ற வரைக்கும் சரி. ஆனால் நீங்கள் சொல்வது சவால் எண். அது முழுக்கப் பிறந்த தேதிக்குள்ளேயே நடக்கிற கணக்கு. பாலம் எண் தேதிக்கும் பெயருக்கும் நடுவில் வருவது. இரண்டிலும் விடை 0 முதல் 8க்குள் வருவதால் பலர் மாற்றிக்கொள்கிறார்கள்.

நித்திலவல்லி அம்மா, இருவரும் உங்களிடம் ஒரே பெயரைக் கேட்டார்களா? முதல் ஆளுக்கு எந்தப் பெயரைக் கொடுத்தீர்கள், அடுத்தவருக்கு எதைக் கொடுத்தீர்கள்?

நித்திலவல்லி, கோவை

முதல் ஆளுக்குப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, கணவர் பெயரோடு. அடுத்தவர் "கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த பெயர்" என்று கேட்டார், அப்பாவின் இனிஷியலோடு கொடுத்தேன். அதனால்தானா சார்?

பழைய பஞ்சாங்கம்

அதேதான். மேல்நாட்டு முறையில் பிறந்தபோது பதிவான முழுப்பெயரைத்தான் எடுக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பின் வந்த பெயரை ஒரு துணை எண்ணாக வைத்துக்கொள்வார்கள், பாலத்துக்கு எடுப்பதில்லை. அந்தக் கணக்கில் இரண்டாமவர் சரியான இடத்தில் தொடங்கினார். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். அவர்கள் ஊரில் முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என்று எல்லாம் எழுத்து எழுத்தாகச் சான்றிதழில் இருக்கும். நமக்கு இனிஷியல். அதை ஒற்றை எழுத்தாகக் கூட்டுவதா, அப்பா பெயர் முழுவதையும் விரித்துக் கூட்டுவதா? சொல்லித்தர அந்தப் புத்தகங்களில் இடமே இல்லை.

எல்லோருக்கும் தெரிந்த ஒருவரை வைத்துக் காட்டுகிறேன். கணித மேதை ராமானுஜன், 22-12-1887. எல்லா இலக்கங்களையும் கூட்டினால் 31, அதாவது 4. பாதை எண்ணில் தகராறே இல்லை. இனிமேல்தான் வேடிக்கை. A முதல் I வரை 1 முதல் 9, மறுபடி J முதல் 1 என்று போகிற மேல்நாட்டு வரிசையில் பெயரைப் போடுவோம்.

```
S RAMANUJAN                 1+30       = 31  -> 4   பாலம் 0
SRINIVASA RAMANUJAN         40+30      = 70  -> 7   பாலம் 3
SRINIVASA RAMANUJAN IYENGAR 40+30+43   = 113 -> 5   பாலம் 1
SRINIVASA RAMANUJAN AIYANGAR 40+30+40  = 110 -> 2   பாலம் 2
```

ஒரே மனிதர். S என்று ஒற்றை எழுத்தாக வைத்தால் பாலம் 0, உள்ளே மோதலே கிடையாது, பாதையும் பெயரும் ஒன்று என்பார்கள். அப்பா பெயரை விரித்தால், தனிமை தேடும் 7 வந்து உழைப்பின் 4ஓடு மல்லுக்கு நிற்கிறது. கடைசிப் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து இன்னும் இரண்டு விதமான மனப்போராட்டம். கீரோ அட்டவணையில், அதாவது நம்மூர்ப் பெயர் ராசிக்காரர்கள் பெரும்பாலும் வைத்திருப்பதில், ஸ்ரீநிவாச ராமானுஜன் 49, கடைசியில் 4. மறுபடி பாலம் 0!

டெல்டா கணக்கு டீச்சர்

சார், நீங்களே என் வேலையை முடித்துவிட்டீர்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பாதை எண்கள் ஒன்பது, பெயர் எண்கள் ஒன்பது, மொத்தம் 81 ஜோடி. அதில் வித்தியாசம் 1 வருவது 16 ஜோடியில். வித்தியாசம் 8 வருவது இரண்டே ஜோடியில், 1-9, 9-1. எல்லா எண்ணும் சம வாய்ப்பில் வருகிறது என்று வைத்தால், ஐந்தில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட "துணிந்து நீங்களே முடிவெடுங்கள்" என்கிற பாலம் 1 பலன்தான் கிடைக்கும். அந்த வாக்கியம் யாருக்குத்தான் பொருந்தாது?

நித்திலவல்லிக்கு இரண்டு பலனும் பொருந்தியதற்கு 1948இலேயே பதில் இருக்கிறது. ஃபோரர் என்ற உளவியலாளர் தன் 39 மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரே குணவிளக்கத்தை "இது உனக்கே எழுதியது" என்று கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நாலுக்கும் மேல். வாக்கியங்களை ஜோதிடப் புத்தகத்தில் இருந்து எடுத்திருந்தார். "சில சமயம் கலகலப்பாக இருப்பாய், சில சமயம் ஒதுங்குவாய்" என்ற ரகம். உள்மோதல் என்றாலே இரண்டு பக்கத்தையும் சொல்லிவிடுகிறோமே, ஒன்று மாட்டத்தானே செய்யும்?

பழைய பஞ்சாங்கம்

டீச்சர் சொல்வதில் வித்தியாசம் 1 பற்றிய பகுதியை நான் மறுக்கவே மாட்டேன். இன்னும் மோசம், அந்தப் பதினாறும் ஒரே மாதிரி ஆட்களும் இல்லை. 1ம் 2ம் சேர்ந்தால் "நான் முன்னே நிற்கணும்" என்பதும் "யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது" என்பதும் மோதும். 8ம் 9ம் சேர்ந்தால் சம்பாதிப்பதும் வாரி வழங்குவதும். 4ம் 5ம் சேர்ந்தால் நித்திலவல்லியின் ராஜினாமா கடிதம். மூன்றுக்கும் கழித்தால் 1 என்று ஒரே மருந்து எழுதிக் கொடுப்பது சோம்பேறித்தனம்.

அதனால் அனுபவமுள்ளவர் ஜோடியைத்தான் முதலில் படிப்பார். வித்தியாசம் பெரிதானால் மோதலும் பெரிது என்று சிலர் சொல்வதும் சரியில்லை. 4-5 வித்தியாசம் 1தான், ஆனால் கடினமான ஜோடிகளில் அதைச் சேர்ப்பவர்கள் உண்டு. 3-9 வித்தியாசம் 6, ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று நன்றாகவே பேசும். என்னிடம் வருபவர்களுக்கு நான் எண்ணைக் கடைசியில்தான் சொல்வேன். அதற்கு முன் இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டு, "இதில் எதை வெளியே காட்டுறீங்க, எதை வீட்டில வெச்சுக்கறீங்க?" என்று கேட்பேன். பதிலை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

டெல்டா கணக்கு டீச்சர்

அப்படியென்றால் பலன் சொல்வது எண் இல்லை, அவர்கள்தான்.

பழைய பஞ்சாங்கம்

பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மதுரைப் பாத்திரக்கடை

எனக்குப் பாலம் 4 என்றார்கள். கடை போர்டில் பெயரோடு ஒரு A சேர்த்து மாற்றினேன், பாலம் 3 ஆகிவிட்டது, வியாபாரம் பரவாயில்லை. ஆனால் பத்திரம், ஆதார், பேங்க் எல்லாம் பழைய எழுத்து. லோனுக்குப் போனால் "ரெண்டு பேரும் ஒரே ஆளா?" என்று கேட்டார்கள். அஃபிடவிட் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. என் கேள்வி: பெயர் மாறினால் பாலம் மாறும் என்றால், மோதல் இல்லாத மாதிரி பாலம் 0 வரப் பெயர் வைத்துக்கொண்டால் என்ன?

பழைய பஞ்சாங்கம்

அண்ணே, நம்மூர் வழக்கத்துக்கு அது சரி. இங்கே கழிப்பதே இல்லை. தேதி எண்ணும் பெயர் எண்ணும் நட்பா பகையா என்று பார்த்து, பகை என்றால் எழுத்தைச் சேர்ப்பார்கள், நீக்குவார்கள். பாலம் எண் வந்த முறையில் பெயர் பிறப்போடு நின்றுவிட்டது. மாற்றினாலும் அந்த எண் மாறாது. நீங்கள் போட்ட A போர்டில் ஒரு எழுத்து, அவ்வளவுதான். பாலம் 4 என்று அவர்கள் சொன்னதற்கு அர்த்தம், கணக்கு வழக்கை ஒழுங்காக வையுங்கள் என்பது. கடன் நோட்டைப் பார்த்தீர்களா?

மதுரைப் பாத்திரக்கடை

அந்த நோட்டைப் பற்றி மட்டும் கேட்காதீங்க சார்.

சிங்கப்பூர் சுந்தரி

எனக்குப் பாதை எண் 11, பெயர் எண் 4. ஒருவர் 11இல் 4 கழித்து 7, "தனிமையில உட்காருங்க" என்றார். இன்னொருவர் 11ஐ 2 ஆக்கிக் கழித்து 2, "எல்லோரோடும் அனுசரிச்சுப் போங்க" என்றார். எதைச் செய்வது?

பழைய பஞ்சாங்கம்

நான் 11ஐ 2 ஆக்கித்தான் கழிப்பேன். அதை அப்படியே வைப்பவர்களும் உண்டு, அவர்களிடம் இதற்குக் காரணம் கேட்டால் ஆளுக்கொரு காரணம் வரும்.

நித்திலவல்லி, கோவை

எல்லோருக்கும் நன்றி. நேற்று அம்மா வீட்டில் என் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தேன். தேதி இருக்கிறது, அப்பா அம்மா பெயர் இருக்கிறது, "பெண் குழந்தை" என்று இருக்கிறது. பெயர் கட்டம் காலி! அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் பதிந்ததோடு விட்டுவிட்டார்களாம், பிறகு யாரும் போய்ச் சேர்க்கவில்லை. என் பெயர் முதலில் எழுத்தில் வந்தது பள்ளிக்கூடத்தில்தான். அப்போது டீச்சர் ஆங்கிலத்தில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார், பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் அதுவே நின்றுவிட்டது. இப்போது எதைப் போட்டுக் கணக்கிடுவது சார்?

ஈரோட்டுக்காரன்

அதனால்தான் சொன்னேன், தேதியில் மாதத்தைக் கழியுங்கள்.

பழைய பஞ்சாங்கம்

வீட்டில் எழுதி வைத்த ஜாதகக் குறிப்பு இருக்கும், அதில் பெயர் சூட்டியதைத் தமிழில் எழுதியிருப்பார்கள். ஆனால் அதை ஆங்கில எழுத்தாக்கும்போது மறுபடி நாம்தான் ஸ்பெல்லிங் முடிவு செய்ய வேண்டும். நான் பள்ளிச் சான்றிதழை எடுப்பேன். என் குருநாதர் இருந்திருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டார், வீட்டில் கூப்பிடுகிற பெயர்தான் என்பார்.