பொருள்: யூசர் எனுமரேஷனுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

மலர்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

போதை மீட்பு ஆலோசனை மையம் ஒன்றின் வலைத்தளத்துக்குத் தமிழ் இடைமுகம் செய்துகொண்டிருக்கிறேன். கடவுச்சொல்லை மறந்தவர் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் மீட்பு இணைப்பு அனுப்பும் பக்கம் அதில் உண்டு. முகவரி பதிவாகியிருந்தாலும் இல்லாவிட்டாலும் பக்கம் ஒரே பதிலைத்தான் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஒருவரின் மேலாளரோ சம்பந்தி வீட்டாரோ அவர் முகவரியை அங்கே இட்டுப் பார்த்து, அவர் சிகிச்சைக்குப் போகிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆங்கிலப் பக்கம் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கிறது. தமிழ்ப் பக்கத்தைச் சோதித்தபோது, பதிவான முகவரிக்குத் தமிழிலும் பதிவாகாத முகவரிக்கு ஆங்கிலத்திலும் பதில் வந்தது! மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறந்தால் காரணம் தெரிந்தது:

```
msgid "If this address is registered, a link is on its way."
msgstr "இந்த முகவரி பதிவாகியிருந்தால் இணைப்பு வந்து சேரும்."

#, fuzzy
msgid "If this address is registered, a link is on its way"
msgstr "இந்த முகவரி பதிவாகியிருந்தால் இணைப்பு வந்து சேரும்."
```

நிரலில் இரண்டு இடத்தில் இரண்டு வாக்கியங்கள். வித்தியாசம் ஒரு முற்றுப்புள்ளிதான். இரண்டாவதன் மேல் இருந்த `fuzzy` குறியை நான் நீக்கவில்லை. `msgfmt` அப்படிப்பட்ட வரியை விட்டுவிடும் என்பதால் அங்கே ஆங்கில மூலமே தெரிந்தது. என் கவனக்குறைவால் ஒருவருடைய ரகசியம் வெளியே போயிருக்கலாம் என்பது இன்னும் மனதை உறுத்துகிறது.

மொழிபெயர்ப்பாளர்களுக்கான வழிகாட்டியில் இதை எழுதிவைக்க வேண்டும். அதற்கு ஒரு சொல் தேவை. எனக்குத் தோன்றியது ‘கணக்கு இருப்புக் கசிவு’. உங்கள் கருத்து?

செந்தில் எழுதியது:

மலர், எனுமரேஷன் என்றால் ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியல் போடுவது. ஆகவே ‘பயனர் பட்டியலெடுப்பு’ என்பதே நேரான சொல். தாக்குபவர் செய்வது அதுதானே? ஆயிரம் முகவரிகளை இட்டுப் பார்த்து, எவையெல்லாம் பதிவாகியிருக்கின்றன என்று பட்டியல் எடுக்கிறார்.

நிரலில் இரண்டு இடத்திலும் ஒரே வாக்கியத்தை வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை.

இராசேந்திரன் எழுதியது:

அம்மா மலர்விழி, நான் வங்கியில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவன். ‘கணக்கு இருப்பு’ என்றால் பாஸ்புக்கில் மிச்சம் இருக்கும் பணம். ‘கணக்கு இருப்புக் கசிவு’ என்று எழுதினால் யாருடைய பேலன்ஸோ வெளியானதாகத்தான் படிப்பவர் நினைப்பார்.

இன்னொன்று. மீட்பு இணைப்பைப் பற்றி நீங்கள் பேசுவதால் கேட்கிறேன். என் மகள் அலுவலக மின்னஞ்சலுக்கு ஒரு தளத்திலிருந்து இப்படி இணைப்பு வந்தது. அரை மணி நேரம் செல்லும் என்று போட்டிருந்தது. வந்த இரண்டாவது நிமிடமே தட்டினாள், ‘இணைப்பு காலாவதியாகிவிட்டது’ என்று வந்தது. மூன்று முறை இப்படியே. கடிகாரம் தவறா? இதற்குத்தான் சொல் தேடுகிறீர்களா?

பாத்திமா எழுதியது:

ஐயா, மலர் கேட்டது வேறு. ஆனாலும் உங்கள் மகளுக்கு நடந்தது இதே வடிவமைப்பின் மறுபக்கம், அதனால் சொல்லிவிடுகிறேன். கடிகாரம் சரியாகத்தான் இருந்திருக்கும். பல அலுவலகங்களில் உள்ளே வரும் மின்னஞ்சலில் உள்ள இணைப்புகளை ஒரு பாதுகாப்பு மென்பொருள் முதலில் திறந்து பார்க்கும். அந்தத் தளம் இணைப்பு திறந்தவுடனே ‘பயன்படுத்தியாயிற்று’ என்று குறித்துக்கொள்கிறது போலிருக்கிறது. அப்படியானால் ஒருமுறை மட்டுமே செல்லும் இணைப்பை அந்த மென்பொருளே செலவழித்துவிட்டது. மூன்று முறையும் அதே மாதிரி நடந்ததுதான் இதற்கு அடையாளம்.

சரியான முறை இது. இணைப்பைத் திறப்பது, அதாவது `GET`, எதையும் மாற்றக் கூடாது. புதிய கடவுச்சொல்லைத் தட்டி அனுப்பும்போதுதான், `POST` வரும்போதுதான், செலவாக வேண்டும். அதையும் ஒரே கட்டளையில் செய்ய வேண்டும்:

```sql
UPDATE reset_tokens SET used_at = now()
 WHERE token_hash = $1
   AND used_at IS NULL
   AND expires_at > now()
RETURNING user_id;
```

ஒரு வரி திரும்பி வந்தால் அனுமதி, வராவிட்டால் இல்லை. முதலில் `SELECT` செய்து பார்த்துவிட்டு அப்புறம் `UPDATE` செய்தால், ஒரே நொடியில் வரும் இரண்டு கோரிக்கைகளும் உள்ளே போய்விடலாம். இணைப்பில் உள்ள ரகசியத்தை அப்படியே சேமிக்காமல் அதன் SHA-256 சுருக்கத்தை மட்டும் வைத்திருப்பதையும் கவனியுங்கள். தரவுத்தளம் யார் கைக்காவது போனால்கூட, அதிலிருந்து செல்லுபடியாகும் இணைப்பை உருவாக்க முடியாது. ரகசியம் 32 பைட் தற்செயல் எண்ணாக இருப்பதால் இந்த எளிய சுருக்கம் போதும். கடவுச்சொல்லுக்கு இது போதாது.

செந்தில், வாக்கியம் ஒன்றாக இருந்தால் போதும் என்பது பாதி சரி. ஆஷ்லி மாடிசன் என்ற ரகசிய உறவுத் தளத்தில் 2015-ல் பார்த்தது இதுதான். இரண்டு நிலைமைக்கும் ஒரே வாக்கியம். ஆனால் பதிவாகாத முகவரி என்றால் அதன் கீழே முகவரிப் பெட்டி இருந்தது, பதிவானது என்றால் பெட்டி இல்லை. வாக்கியத்தை யாரும் படிக்கவே தேவையில்லாமல் போனது.

அடுத்தது நேரம். பதிவான முகவரி என்றால் சேவையகம் அப்போதே மின்னஞ்சலை அனுப்பிவிட்டுத்தான் பதில் சொல்லும், இல்லையென்றால் உடனே சொல்லும் என்று வையுங்கள். நான் ஒரு திட்டத்தில் அளந்தபோது முதலாவதுக்கு முக்கால் வினாடி ஆனது, இரண்டாவதுக்கு ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பக்கம் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான், கடிகாரம் காட்டிக்கொடுத்தது. நாங்கள் செய்தது: வந்த முகவரியை அப்படியே ஒரு வரிசையில் போட்டுவிட்டு உடனே பதில் சொல்வது. அது பதிவானதா என்று தேடுவதையே பின்னால் ஓடும் வேறு நிரல் பார்த்துக்கொள்ளும். கோரிக்கையை வாங்கும் பக்கத்துக்கே விடை தெரியாது. தெரியாததை அது காட்டிக்கொடுக்க முடியாது.

மின்னஞ்சல் அனுப்புவது தோற்றால்? ஜாங்கோ வலைச்சட்டகத்தில் CVE-2024-45231 என்ற பிழை இதுதான். அனுப்புவதில் ஏற்படும் தோல்வியைப் பிடிக்காமல் விட்டதால், பதிவான முகவரிக்கு மட்டும் பிழைப் பக்கம் வரக்கூடும். 2024 செப்டம்பரில் சரிசெய்தார்கள். வரிசை முறை இதையும் தடுக்கும்.

அதனால் ‘பட்டியலெடுப்பு’ எனக்கு உடன்பாடில்லை. அது தாக்குபவரின் செயலுக்குப் பெயர். மலரின் மையத்தில் ஒரே ஒரு முகவரியைச் சோதித்தாலே கெடுதல் நடந்துவிடும், பட்டியலே வேண்டாம். நம் தளம் செய்யும் தவறுக்குப் பெயர் வேண்டும்.

செந்தில் எழுதியது:

நேரத்தை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஒரே முகவரி போதும் என்பதும் சரி. ‘பதிவுக் கசிவு’?

இராசேந்திரன் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி, பாத்திமா. மகளிடம் சொந்த மின்னஞ்சலில் முயலச் சொன்னேன், வேலை செய்தது.

இப்போதுதான் மலர்விழியின் கேள்வி பிடிபட்டது. கிளைக்குப் போன் செய்து, ‘இன்னாருக்கு உங்களிடம் கணக்கு உண்டா’ என்று கேட்பார்கள். கடன் கொடுத்தவர் கேட்பார், விவாகரத்து வழக்கில் இருப்பவர் கேட்பார். புதிதாகச் சேர்ந்த பையன், இல்லாதவருக்கு ‘இல்லை’ என்று பட்டென்று சொல்லிவிடுவான், இருப்பவருக்கு மட்டும் ‘அதைச் சொல்ல முடியாது’ என்பான். அந்த ‘சொல்ல முடியாது’ என்பதிலேயே விடை வந்துவிடும். உண்டு என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே, யோசிக்கவும் செய்யாதே என்று பழக்குவோம்.

யோகன் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து யோகன். வங்கியில் இருக்கும் காசை நாங்கள் ‘மீதி’ என்கிறதால் ‘இருப்பு’ எனக்கு இடிக்கவில்லை. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான சொல்தான் நல்லது. ஐயா வாயிலேயே சொல் வந்துவிட்டது: ‘உண்டில்லைக் கசிவு’. கேட்பவருக்கு உண்டா இல்லையா என்ற ஒரு துண்டு விடை கசிகிறது. அந்த விடை வாக்கியத்தால் கசிந்தாலும், பெட்டியால் கசிந்தாலும், நேரத்தால் கசிந்தாலும், மலர்விழி அக்காவுக்கு நடந்தமாதிரி மொழியால் கசிந்தாலும் பெயர் பொருந்தும். ‘பதிவுக் கசிவு’ என்றால் பதிவேட்டில் உள்ள விவரங்களே வெளியே வந்த மாதிரி இருக்கிறது.

பாத்திமா அக்காவிடம் ஒரு கேள்வி. ஒரு முகவரிக்கு மணிக்கு மூன்று முறைதான் என்று வரம்பு வைப்போம் அல்லவா? அந்தக் கணக்கைப் பயனர் அட்டவணையில் வைத்தால் என்ன ஆகும்?

பாத்திமா எழுதியது:

நல்ல கேள்வி, யோகன். பதிவானவருக்கு மட்டும் நான்காவது முறை ‘பொறுத்து முயலவும்’ என்று வரும், மற்றவருக்கு வராது. அதுவும் கசிவுதான். வந்த முகவரி எதுவானாலும் அதன் பெயரில் எண்ண வேண்டும். அதைவிட, வரம்பு தாண்டினாலும் அதே வாக்கியத்தைக் காட்டிவிட்டு மின்னஞ்சலை மட்டும் நிறுத்திவிடுவது மேல்.

‘உண்டில்லை’ எனக்குப் பிடித்திருக்கிறது.

செந்தில் எழுதியது:

எனக்குத் தயக்கம் இருக்கிறது. ‘உன்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன்’ என்று சண்டையில் சொல்வார்கள். வழிகாட்டியில் படிப்பவருக்கு அதுதான் முதலில் காதில் விழும். ‘பதிவறி கசிவு’ என்றால் பதிவானதை அறியவைக்கும் கசிவு, அந்தக் குழப்பம் வராது.

மலர்விழி எழுதியது:

செந்தில் சொல்வதும் காதில் விழுகிறது. ஆனால் மையத்தின் தன்னார்வலர் இருவரிடம் மூன்று சொற்களையும் விளக்கமில்லாமல் காட்டினேன். ‘பதிவறி கசிவு’ புரியவில்லை. ‘உண்டில்லை’யைப் பார்த்ததும் ஒருவர், ‘இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடுவதா?’ என்று கேட்டார். வழிகாட்டியில் இப்போதைக்கு அதையே போடுகிறேன், செந்திலின் மறுப்பையும் பக்கத்தில் குறித்து வைக்கிறேன்.

நிரலர் இரண்டு வாக்கியங்களையும் ஒன்றாக்கிவிட்டார், வரிசை முறைக்கும் ஒத்துக்கொண்டார். இராசேந்திரன் ஐயா சொன்னதால் பிழைச் செய்தியையும் மாற்றினேன். நேரம் கடந்தாலும் செலவாகியிருந்தாலும் இனி ஒரே வாக்கியம்: ‘இந்த இணைப்பு இனிச் செல்லாது. புதிதாக ஒன்று கேட்டுப் பெறலாம்.’ ‘காலாவதி’ என்று மட்டும் போட்டால் ஐயாவைப் போலக் கடிகாரத்தைத்தான் சந்தேகிப்பார்கள்.

முடியாதது ஒன்று இருக்கிறது. புதுக் கணக்கு தொடங்கும் பக்கம் இன்றும் ‘இந்த முகவரி ஏற்கெனவே பதிவாகியுள்ளது’ என்று சொல்கிறது. அதை அப்படியே விட்டால் இத்தனையும் வீண். அங்கேயும் பொதுவான பதிலைக் காட்டிவிட்டு, உண்மையை மின்னஞ்சலில் மட்டும் சொல்லலாம் என்கிறார் நிரலர். ஆனால் அந்த அஞ்சல் பெட்டியை வீட்டில் எல்லோரும் பார்ப்பார்களே என்று மையத்தார் அஞ்சுகிறார்கள். அனுப்புநர் பெயரிலும் தலைப்பிலும் மையத்தின் பெயர் வராமல், வந்தவர் மட்டும் அடையாளம் கண்டுகொள்ளும்படி எப்படி எழுதுவது? யாராவது இப்படிச் செய்திருந்தால் அந்தத் தலைப்பு வரியை இங்கே இடுங்கள்.