மூணு ஹிஞ்சும் ஒண்ணாவா, முனையில முதல்லயா?

மணலி மேஸ்திரி (நேத்து போட்டது): "ரெண்டு முனையும் ஃபிக்ஸ் பண்ணின பீம்ல நடுவுல லோடு வெச்சா முனைங்க முதல்ல ஈல்டு ஆகும், நடு அப்புறம் தான். அதனால முதல் ஹிஞ்சு வந்த பிறகும் மூணுல ஒரு பங்கு லோடு எக்ஸ்ட்ராவா ஏத்தலாம்."

ராயபுரம் ரங்கன்: இதுக்கு 41 லைக்கு வேற! நடுவுல ஒத்தை லோடு வெச்சா முனையில WL/8, நடுவுலயும் WL/8. மூணு இடத்துலயும் ஒரே மொமெண்ட். அப்புறம் யாரு முதல்ல, யாரு அப்புறம்? ஐ.எஸ்.எம்.பி. 300, ஆறு மீட்டர் ஸ்பேன், 250 ஸ்டீல்னு எடுத்துக்குங்க. செக்ஷன் முழுசா ஈல்டு ஆகி ஹிஞ்சு மாதிரி திரும்ப ஆரம்பிக்கற மொமெண்ட் தான் Mp, அது 163 கிலோநியூட்டன் மீட்டர் பக்கம் வரும். W = 8Mp/L போட்டா 217 கிலோநியூட்டன், அதாவது 22 டன். மூணு ஹிஞ்சும் அந்த 217-லயே வரும். அதுக்கு முன்னாடி 191-ல ஓரத்து நார் ஈல்டு ஆகும், அதுவும் மூணு இடத்துலயும் ஒண்ணாவே. 191-க்கும் 217-க்கும் நடுவுல இருக்கறது செக்ஷனோட ஷேப்பு குடுக்கற லாபம். மேஸ்திரி சொல்ற மூணுல ஒரு பங்கு அதுல எங்கயும் இல்ல.

மணலி மேஸ்திரி: ரங்கன் சார், முனை தான் முதல்ல. கிளாஸ்ல எல்லாரும் படிச்சது. 12Mp/L-ல முனையில ஹிஞ்சு, 16Mp/L-ல கொலாப்ஸ். பன்னெண்டுக்கு மேல நாலு, மூணுல ஒரு பங்கு. எண்ணிப் பாருங்க.

ராயபுரம் ரங்கன்: அது யூடிஎல், நைனா! பீம் முழுக்க பரவி நிக்கற லோடு. அங்க முனையில wL²/12, நடுவுல அதுல பாதி தான். அதனால முனை முந்தும். உங்க போஸ்ட்டுல "நடுவுல லோடு"ன்னு நீங்களே எழுதிட்டு, கணக்குக்கு யூடிஎல்லை இழுத்துட்டு வந்தா எப்படி?

தண்டையார்பேட்டை வெல்டர்: அண்ணே, குறுக்க வரேன், மன்னிச்சுக்குங்க. திருவொத்தியூர்ல ஒரு ஷெட்டுல இதே 300 பீம்ல செயின் பிளாக் மாட்டியிருக்கோம். ரெண்டு தூணுக்கும் நடுவுல ஆறு மீட்டரு. அப்போ 22 டன் தூக்கலாமா?

ராயபுரம் ரங்கன்: வேணாம்பா! முனையில எப்படி பிடிச்சிருக்கு?

தண்டையார்பேட்டை வெல்டர்: வெப்புக்கு மட்டும் ஆங்கிள் க்ளீட்டு, ரெண்டு பக்கமும் மும்மூணு போல்ட்டு. ஃபிளாஞ்சுக்கு வெல்டு கிடையாது.

ராயபுரம் ரங்கன்: அப்படின்னா அது ஃபிக்ஸே கிடையாது. க்ளீட்டு முனையில மொமெண்ட் வாங்காது, நடுவுல ஒரே ஒரு ஹிஞ்சு வந்தா கதை முடிஞ்சுது. W = 4Mp/L, நேரா பாதி, 11 டன். அதுலயும் 1.1, 1.5-னு வகுத்தா ஆறரை டன் சில்லறை. அந்த ஆறரையும் மேல் ஃபிளாஞ்சை பக்கவாட்டுல யாராவது பிடிச்சிருந்தா தான். ஆறு மீட்டரும் தனியா விட்டா ஹிஞ்சு வர்றதுக்கு முன்னாடியே பீம் முறுக்கி சாஞ்சுடும். இழுக்கறப்போ வர்ற குலுக்கலை இன்னும் கணக்குல எடுக்கல.

கிண்டி மாணவி: சார், ஒரு டவுட். முனை முதல்ல வந்தா என்ன, நடு முதல்ல வந்தா என்ன, 8Mp/L மாறுமா? வர்ச்சுவல் வொர்க்ல முனைங்களுக்கு θ, θ, நடுவுக்கு 2θ. மொத்தம் 4Mpθ. லோடு இறங்கறது θL/2. அதுல எது முதல்லன்னு ஒரு இடமும் வரலையே.

ராயபுரம் ரங்கன்: சபாஷ்மா. வரிசைக்கு அங்க வேலையே இல்ல. தூண் கொஞ்சம் திரும்பிக் குடுத்தா முனையில மொமெண்ட் குறையும், நடு தான் முந்தும். மேஸ்திரி சொல்றதுக்கு நேர் எதிர்! ஆனா ஜாயிண்ட் முழு Mp-யைத் தாங்கினா, கடைசில வர்றது அதே 217 தான்.

மணலி மேஸ்திரி: பேப்பர்ல எல்லாம் பேசலாம் சார். நான் சாஃப்ட்வேர்ல ஓட்டிப் பாத்துட்டேன். நடுவுல பாயிண்ட் லோடு தான் குடுத்தேன். முனை ரெண்டும் முதல்ல செவந்துச்சு, நடு அப்புறம். ஸ்க்ரீன்ஷாட் கீழ இருக்கு. இதுக்கு இன்னா சொல்றீங்க?

ராயபுரம் ரங்கன்: செல்ஃப் வெயிட் ஆன்ல இருக்கா, ஆஃப்ல இருக்கா?

மணலி மேஸ்திரி: ஆன்ல தான். பீமுக்கு எடை இல்லையா? காத்துல செஞ்ச பீமா?

ராயபுரம் ரங்கன்: அதான் விஷயம். மீட்டருக்கு 44 கிலோ, அது யூடிஎல். முனையில 1.3, நடுவுல 0.65. அந்த முக்காலுக்கும் குறைஞ்ச மொமெண்ட்ல முனை முந்துது. இப்போ லாபத்தைப் பாருங்க: முனை ஹிஞ்சு வர்றப்போ நடு லோடு 215.5, கொலாப்ஸ் ஆகறப்போ 215.9. வித்தியாசம் 44 கிலோ பக்கம். 22 டன்ல 44 கிலோ! செயின் பிளாக்ல ஒரு ஒல்லியான ஆள் தொங்கினா சரியாப் போச்சு. இதுவா மூணுல ஒரு பங்கு?

மணலி மேஸ்திரி: ஆக முனை தான் முதல்ல. ஒத்துக்கிட்டீங்க. எல்லாரும் பாத்துக்குங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க.

ராயபுரம் ரங்கன்: யோவ், ஒத்துக்கறதா? மூணுல ஒரு பங்குன்னு சொன்னதுக்கு பதில் எங்க?

தண்டையார்பேட்டை வெல்டர்: அண்ணே, கண்ணால பாத்து எது முதல்ல போச்சுன்னு கண்டுபிடிக்க முடியுமா?

ராயபுரம் ரங்கன்: முடியும். டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி பீம் மேல சுண்ணாம்பு அடிச்சு காயவிடு. ஸ்டீல் ஈல்டு ஆகற இடத்துல சுண்ணாம்பு கோடு கோடா உதிரும். பெயிண்ட் அடிக்காத புது பீம்ல மில் செதிலே அப்படி உதிரும். முனை, நடு மூணுலயும் பாத்துக்கிட்டே லோடை ஏத்தணும். ஆனா ஒண்ணு, ஷெட்டுல இதை செஞ்சு பாக்காத. லேபுல செய்யறது.

மணலி மேஸ்திரி: டிராலி எப்பவும் நட்ட நடுவுலயே நிக்குமா? தூணுல இருந்து ரெண்டு மீட்டர்ல நிறுத்துங்க. அப்போ யாரு முதல்ல?

ராயபுரம் ரங்கன்: கிட்ட இருக்கற முனை. 183-ல அங்க ஹிஞ்சு வரும், கொலாப்ஸ் 244-ல.

மணலி மேஸ்திரி: 183-ல இருந்து 244. எவ்ளோ ஏறிச்சு? வாயால சொல்லுங்க. மூணுல ஒரு பங்கு!

ராயபுரம் ரங்கன்: நடுவுலன்னு எழுதினது யாரு? நானா? இப்போ லோடை நகத்திட்டு விடையும் நகரணும்ங்கறீங்க. நீங்க மாறாத ஆளு மேஸ்திரி. போன வருஷம் ரூஃப் டிரஸ் விஷயத்துலயும் இதே தான், சப்போர்ட்டை மாத்திட்டு "நான் அப்பவே சொன்னேன்"ன்னீங்க.

மணலி மேஸ்திரி: டிரஸ்ஸை இழுக்காதீங்க. அந்த வேலைக்கு எனக்கு இன்னும் பாக்கி வரல. டிசைன் பண்ணினவர் சிநேகிதம் யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.

ராயபுரம் ரங்கன்: பாக்கிக்கும் Mp-க்கும் இன்னா சம்பந்தம்?

கிண்டி மாணவி: சார், கொலாப்ஸ் 217-ல இருந்து 244-க்கு ஏறிச்சுன்னா, நடுவுல வெக்கறது தானே மோசமான நிலை? ஆனா முதல் ஹிஞ்சு 183-லயே வருது. அப்போ டிசைனுக்கு எதை எடுக்கறது?

மணலி மேஸ்திரி: முதல்ல வர்றதை எடும்மா. முனை தான் முதல்ல.

ராயபுரம் ரங்கன்: அவரை நம்பாதம்மா. லிமிட் லோடுன்னா கொலாப்ஸ் தான், அதுக்கு நடு தான் மோசம், 217. முதல் ஹிஞ்சோட டிசைனை நிறுத்தறதா இருந்தா பிளாஸ்டிக் கணக்கு எதுக்கு? ஆனா தினம் ஏறி இறங்கற கிரேன் லோடுக்கு ரெண்டையும் பாக்கணும்...

மணலி மேஸ்திரி: "ஆனா"ன்னு ஆரம்பிச்சாச்சு. முனை தான் முதல்ல சார்.

தண்டையார்பேட்டை வெல்டர்: அண்ணே, என் ஷெட்டுல டிராலி ரெண்டு மீட்டர்ல தான் நிக்கும். அப்போ அந்த ஆறரை டன் கூடுமா?

ராயபுரம் ரங்கன்: டிராலி நடுவுக்கு வராதுன்னு யாராவது ஸ்டாப்பர் வெச்சு பூட்டியிருக்காங்களா? இல்லேன்னா ஒரு கிலோ கூட கூடாது. முதல்ல அந்த க்ளீட்டோட போட்டோவைப் போடு.