படத்தில் உள்ள சொட்டுநீர் உறுப்பு: ‘தெளிப்பான் முனை’ என்று எழுதலாமா?

வசந்தி, மதுரை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாடியில் 36 செடிப்பைகள் இருக்கின்றன. நாலடி உயர ஸ்டாண்டில் 500 லிட்டர் தொட்டி. அதிலிருந்து 16 மி.மீ. கருப்புக் குழாய் ஓடுகிறது. அந்தக் குழாயிலிருந்து ஒவ்வொரு பைக்கும் ஒரு மெல்லிய ட்யூப், ட்யூபின் நுனியில் படத்தில் இருக்கும் சிவப்பு மூடி போட்ட உறுப்பு. மூடியைத் திருகினால் தண்ணீர் கூடும், குறையும். மூன்று கோடையில் 11 உறுப்புகள் உடைந்துவிட்டன.

இணையத்தில் படத்தைப் பார்த்து இரண்டு முறை வாங்கினேன், இரண்டும் வீண். ஸ்கேலில் அளந்தபோது உள்ளே செருகும் பகுதி 5 மி.மீ. வந்தது. 5 என்று எந்தக் கடையிலும் இல்லாததால் ‘6 மி.மீ.’ என்று போட்டிருந்ததை வாங்கினேன். அது ட்யூபுக்குள் நுழையவே இல்லை. அடுத்து வாங்கியது சரியாகப் பொருந்தியது, ஆனால் தண்ணீர் வரவில்லை.

எங்கள் மாடித்தோட்டக் குழுவுக்காகத் தமிழில் ஓர் உதிரிபாகப் பட்டியல் தயாரிக்கிறேன். இதற்குத் ‘தெளிப்பான் முனை’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

முருகேசன், திருவண்ணாமலை

அம்மா, தெளிப்பான் முனை என்றால் பித்தளையில் வாங்குங்கள். என்னிடம் 16 லிட்டர் முதுகுத் தெளிப்பான் இருக்கிறது. பிளாஸ்டிக் முனை ஒரு வருடத்தில் வாய் விரிந்து, புகைபோல வர வேண்டிய மருந்து பெரிய துளியாகக் கொட்டுகிறது. பித்தளையும் தேயும், ஆனால் இன்னும் கொஞ்ச நாள் வரும். பழைய முனையைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய், அங்கேயே மரையில் திருகிப் பார்த்து வாங்குவதுதான் என் வழக்கம். வேப்பெண்ணெய் அடிக்கிறீர்களா?

தேன்மொழி, சென்னை

முருகேசன் ஐயா மருந்து தெளிப்பான் என்று எடுத்துக்கொண்டார். அது அவர் தவறில்லை, சொல்லின் தவறு. கைத்தெளிப்பான், விசைத்தெளிப்பான் என்று மருந்தடிக்கும் கருவிக்கும் இந்தச் சொல்தான், தெளிப்பு நீர்ப் பாசனக் கருவிக்கும் இதேதான். வசந்தி அக்கா கேட்பது இரண்டுமில்லை. தண்ணீரை வேருக்குச் சொட்டுவிப்பது அது. ‘சொட்டுவான்’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதை எழுதுங்கள் அக்கா. அதனால் உறுப்பின் பெயரைப் பற்றி எனக்குக் குழப்பம் இல்லை.

எனக்குப் பெயர் இல்லாமல் நிற்பது அந்த உறுப்பின் அடிப்பகுதி. ட்யூபுக்குள் நுழைந்து, திரும்ப வெளியே வராமல் கவ்விக்கொள்கிறதே, அது. அளவு பார்க்க வேண்டிய இடமும் அதுதான். அதற்குப் பெயர் இல்லாததால்தான் எதை அளந்தோம் என்று சொல்ல முடியாமல் 5, 6 என்று தடுமாறுகிறோம்.

‘முள்முனை’ எப்படி?

ஜெயராஜ், திருச்சி

பெயர் அப்புறம் வைக்கலாம். முதலில் அக்காவின் பிரச்சினை தீரட்டும். மூடி சிவப்பு என்றால் 8 லிட்டர் சொட்டுவான். எல்லாக் கம்பெனியிலும் நிறத்தை வைத்துத்தான் லிட்டர் கணக்கு. கருப்பு 4, சிவப்பு 8. ட்யூபைப் பொறுத்தவரை, மாடியில் எல்லோரும் போடுவது 4 மி.மீ.தான். எனவே 4 மி.மீ. சிவப்பு என்று கேட்டு வாங்குங்கள்.

கருப்பசாமி, உடுமலை

22 வருடமாகச் சொட்டுநீர்க் கடையில் இருக்கிறேன். ஜெயராஜ் தம்பி ட்யூப் அளவைச் சரியாகப் பிடித்துவிட்டார். நிறத்தை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனிக்குள் நிறத்துக்கு அர்த்தம் இருக்கும், அடுத்த கம்பெனியில் அதே நிறம் வேறு அளவு. படத்தில் இருப்பதற்குக் குறிப்பிட்ட லிட்டரே கிடையாது. மூடியைச் சுற்றி எட்டுக் கீற்று தெரிகிறது பாருங்கள். அது திருகிக் கூட்டிக் குறைக்கும் வகை. முழுக்க மூடினால் நிற்கும், நல்ல அழுத்தத்தில் முழுக்கத் திறந்தால் மணிக்குப் பல பத்து லிட்டர் போகும்.

அம்மாவுக்கு 5 வந்த கதைதான் முக்கியம். செருகும் பகுதியைப் பக்கவாட்டில் பார்த்தால், கூம்பு மாதிரி ஓர் அகன்ற விளிம்பும் அதற்குப் பின்னால் ஒல்லியான கழுத்தும் இருக்கும். விளிம்பு எப்போதும் ட்யூபின் உட்துளையைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். ட்யூபை விரித்துக்கொண்டு போனால்தானே பிடிக்கும்? நீங்கள் விளிம்பை அளந்திருக்கிறீர்கள். கழுத்தை அளந்தால் 4 வரும்.

அடுத்த குழப்பம் கடைக்காரர்களான நாங்கள் செய்தது. 16 மி.மீ. என்கிறோமே, அது குழாயின் வெளி அளவு. 4 மி.மீ. ட்யூப் என்கிறோமே, அது உட்துளை அளவு. அந்த ட்யூபின் வெளி அளவு 6. அதனால் அதே ட்யூபைச் சிலர் 6 மி.மீ. என்று விற்பார்கள், சிலர் கால் இன்ச் என்பார்கள். உட்துளையே 6 உள்ள தடித்த ட்யூபும் தனியாக உண்டு. உங்களுக்கு வந்தது அதற்கான சொட்டுவானாக இருக்கும்.

ஸ்கேல் வேண்டாம், இப்படி ஒரு படம் அனுப்புங்கள். வெள்ளைத் தாளில் உறுப்பைப் படுக்க வைத்து, பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் வையுங்கள். அது 27 மி.மீ. ஒரு ரூபாய் வேண்டாம், பழையதும் புதியதும் ஒரே அளவில்லை. கைப்பேசியை ஒன்றரை அடி உயரத்தில் நேர் மேலே பிடித்து, ஜூம் செய்து எடுங்கள். கிட்டப் போய் எடுத்தால் உயர்ந்து நிற்கும் பகுதி பெரிதாகத் தெரிந்து கணக்கு கெடும். மூடியைக் கழற்றி உள்பக்கம் ஒரு படம், எழுத்தோ எண்ணோ பொறித்திருந்தால் அதற்கு ஒரு படம்.

வசந்தி, மதுரை

மூன்று படங்களும் இணைத்திருக்கிறேன். மகன் கணினியில் அளந்தான். நாணயத்தின் குறுக்களவு 540 பிக்சல். ஆக ஒரு மில்லிமீட்டருக்கு 20. விளிம்பு 102 பிக்சல், கழுத்து 80. அண்ணா சொன்னபடி விளிம்பு 5.1, கழுத்து சரியாக 4!

இரண்டாவதாக வாங்கியதையும் படம் எடுத்திருக்கிறேன். கருப்புப் பொத்தான் மாதிரி இருக்கிறது, மேலே 4 என்று எழுதியிருக்கிறது. கத்தியால் பிளந்து பார்த்தேன், உள்ளே மெல்லிய ரப்பர் வட்டு ஒன்று இருக்கிறது. அது ஏன் சொட்டவில்லை?

கருப்பசாமி, உடுமலை

அந்த வட்டுதான் காரணம். அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் ஒரே அளவு தண்ணீர் கொடுப்பதற்காக வைத்தது. மேடு பள்ளமான தோட்டத்துக்கு அருமையானது. ஆனால் அது வேலை செய்ய ஏறத்தாழ அரை கிலோ அழுத்தமாவது வேண்டும். அதற்குத் தொட்டி ஐந்து மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். உங்கள் தொட்டி நாலடியில், அதாவது 1.2 மீட்டரில் இருக்கிறது. அதில் கிடைப்பது 0.12 கிலோ. பொருள் பழுதில்லை, இடம் தவறு.

வட்டு இல்லாத சாதாரண 4 லிட்டர் சொட்டுவான் போட்டாலும் அங்கே 4 வராது. அந்த 4 என்பது ஒரு கிலோ அழுத்தத்தில் அளந்தது. தண்ணீர் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறையும். 0.12-க்கு வர்க்கமூலம் சுமார் 0.35, எனவே மணிக்கு 1.4 லிட்டர் வரும். தக்காளிப் பைக்கு அது போதலாம், ஒரு மணி நேரம் திறந்துவைக்க வேண்டும். உங்களிடம் முன்பு இருந்த திருகும் வகைதான் தாழ்ந்த தொட்டிக்குத் தோது. அழுத்தம் குறைவு என்றால் வாயைத் திறந்து சரிக்கட்டிக்கொள்ளலாம். ஆழ்துளைக் கிணற்று உப்பு அடைத்தாலும் மூடியைக் கழற்றிக் கழுவிவிடலாம். பொத்தான் வகையில் பலவற்றைக் கழற்றவே முடியாது.

தேன்மொழி, சென்னை

கருப்பசாமி அண்ணன் விளிம்பு, கழுத்து என்று பிரித்துச் சொன்ன பிறகு ‘முள்முனை’ எனக்கே பிடிக்கவில்லை. முள் குத்தும், ஆனால் உருவினால் வந்துவிடும். இது உள்ளே போகும், வெளியே வராது. அந்த ஒருவழிப் போக்கு சொல்லில் இருக்க வேண்டும்.

ஊசிப்புல் விதை வேட்டியில் ஏறினால் என்ன ஆகும்? முன்னால் மட்டுமே நகரும். பின்னால் இழுத்தால் நூலைப் பிடித்துக்கொள்ளும். அதன் மேலிருக்கும் நுண்மயிர் பின்பக்கம் சாய்ந்திருப்பதால் அப்படி. அந்த மயிர்தான் ‘சுணை’. ஆகவே ‘சுணைமுனை’ என்று முன்வைக்கிறேன். அகன்ற விளிம்பு சுணை, ஒல்லியான இடம் கழுத்து. ‘கழுத்து 4, சுணை 5’ என்று எழுதினால் யாரும் தவறாக வாங்க மாட்டார்கள். முருகேசன் ஐயா சொன்ன திருகும் வகை ‘மரைமுனை’. இரண்டும் ஜோடியாக நிற்கின்றன.

ஜெயராஜ், திருச்சி

நிறம் விஷயத்தில் நான் சொன்னது தவறு. என் பெட்டியில் இருந்ததை எடுத்துப் பார்த்தேன், கருப்பில் 8 என்றே ஒன்று இருக்கிறது.

ஆனால் ‘சுணை’ வேண்டாம் தேன்மொழி. சோளத்தட்டு அறுத்தவரிடம் சுணை என்றால் அரிப்பு. மாங்காய்க் காம்பில் வடிகிற பாலைச் ‘சொனை’ என்கிறோம், பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிடும். வெட்கமில்லாதவனைச் சுணையில்லாதவன் என்கிறோம். இத்தனை பொருள் சுமந்த சொல்லை ட்யூப் நுனியில் ஏற்ற வேண்டுமா? ‘செருகுமுனை’ போதும். கேட்டவுடன் புரியும்.

தேன்மொழி, சென்னை

செருகுமுனை புரியும், சரி. ஆனால் விளிம்பே இல்லாமல் வழவழப்பாக இருக்கும் முனையையும் செருகத்தானே செய்கிறோம்? அதை வாங்கிவிட்டால் கழன்றுவிடும். வேறுபடுத்த வேண்டிய இடத்தில் அந்தச் சொல் வேறுபடுத்தவில்லை.

கருப்பசாமி, உடுமலை

தேன்மொழி சொல்வது கடையில் நடப்பதுதான். வழவழப்பான முனை காலையில் பிடிக்கும். மதியம் மாடித்தளம் சுட்டு ட்யூப் இளகியதும் நழுவிவிடும். சாயங்காலம் ஒரு பை மட்டும் குளமாக இருந்தால் அதுதான் காரணம் என்று தெரிந்துகொள்ளலாம்.

என் கடையில் ‘மூக்கு’ என்று கேட்பார்கள். ‘கொக்கு மூக்கு’ என்றால் இந்த விளிம்பு வைத்தது என்று எனக்குப் புரியும், பக்கத்துக் கடையில் புரியுமா என்றால் சொல்ல முடியாது. சுணை எங்கள் ஊருக்குத் தெரிந்த சொல்தான். நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

முருகேசன், திருவண்ணாமலை

நான் மருந்து முனை பற்றிப் பேசிவிட்டேன், மன்னிக்கவும். மரைமுனை என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு கேள்வி. என் தெளிப்பானில் கைப்பிடிக்கு வரும் ஹோஸைச் செருகி, மேலே கிளிப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். அதில் வரிவரியாக மூன்று விளிம்பு இருக்கிறது. அதுவும் சுணைமுனைதானா?

தேன்மொழி, சென்னை

ஐயா, அதுவும் அந்த இனம்தான். அங்கே அழுத்தம் அதிகம் என்பதால் கிளிப்பும் சேர்கிறது. மூன்று விளிம்பு இருப்பதை ‘முச்சுணை’ எனலாமா என்று யோசிக்கிறேன். ஜெயராஜ் சம்மதிக்க மாட்டார் என்று தெரியும்.

வசந்தி, மதுரை

இன்று உள்ளூர்க் கடையில் பழையதைக் காட்டி, கழுத்து 4 என்று சொல்லி 15 வாங்கினேன். ட்யூப் நுனியைச் சுடுநீரில் பத்து விநாடி முக்கியதும் சுலபமாக ஏறியது. 11 பைகளும் சொட்டுகின்றன. தொட்டிக்குப் பக்கத்தில் உள்ள பைகளில் மூடியை அரைச்சுற்றும், கடைசி வரிசையில் ஒன்றரைச் சுற்றும் திறந்தால் ஏறத்தாழ சமமாக வருகிறது.

பட்டியலில் ‘திருகு சொட்டுவான், சுணைமுனை (செருகுமுனை), கழுத்து 4 மி.மீ.’ என்று இரண்டு சொல்லையும் போட்டுவிட்டேன். கடைக்காரர் படித்துவிட்டு, சுணை என்றால் என்ன என்று கேட்டார். உறுப்பைத் திருப்பி விளிம்பைக் காட்டினேன், புரிந்துகொண்டார். இன்னும் ஒன்று பாக்கி. 16 என்றால் வெளி அளவு, 4 என்றால் உள் அளவு என்பதைப் பட்டியலில் எப்படிச் சுருக்கமாக எழுதுவது? ‘வெளி 16’, ‘உள் 4’ என்று எழுதினால் குழப்பம் வருமா?