புதுப்பிப்பு: டிசம்பர் கார் தள்ளுபடி, கணக்கு போட்ட பிறகு

முதல் பதிவில் கேட்டது: "85,000 தள்ளுபடி சொல்றாங்க. இப்பவே எடுக்கலாமா, ஜனவரி வரை பொறுக்கலாமா?"

கொட்டேஷனைப் பிரித்து வாங்கியாச்சு. ரொக்கத் தள்ளுபடி 40,000, எக்ஸ்சேஞ்ச் போனஸ் 30,000, ஆக்சசரீஸ் 15,000. பழைய வண்டிக்கு வெளியே 2,10,000 தருகிறார்கள். ஷோரூம் போட்ட விலை 1,85,000. போனஸைச் சேர்த்தாலும் 2,15,000தான், ஆக லாபம் 5,000. அதே மேட், சீட் கவர் வெளியே 7,000. இன்சூரன்ஸ் அவர்களிடம் 46,000. அதே ஐடிவி, அதே ஜீரோ டெப் வெளியே 37,000. இன்சூரன்ஸை அவர்களிடமே எடுத்தால் உண்மையில் மிஞ்சுவது 43,000. வெளியே எடுத்தால் 52,000. அங்கேதான் எடுக்கணும் என்று கட்டாயப்படுத்த முடியாது, தைரியமாகக் கேளுங்கள்.

"ஜனவரியில் பதிஞ்சா புது வருஷ வண்டி" என்று ஒருவர் சொன்னது பாதி சரி. பதிவுத் தேதி மாறும். ஆனால் ஆர்சியில் தயாரித்த மாதமும் வருஷமும் தனியாக இருக்கும், விற்கும்போது வாங்குபவர் அதைத்தான் பார்ப்பார். ஷோரூம் தரும் விற்பனைச் சான்றான படிவம் 21-லும் அது வரும். பணம் கட்டும் முன் சேசிஸ் எண்ணை வாங்கி ஒத்துப் பாருங்கள். யார்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் பேட்டரியையும் டயர் தேதியையும் பார்க்கணும் என்று மெக்கானிக் நண்பர் எழுதியது மிகச் சரி.

ஸ்கூட்டர் பற்றிக் கேட்டவருக்கு: அதில் ரொக்கத் தள்ளுபடி சின்னது, இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

மறுவிற்பனையில் ஒரு வருஷத்துக்கு எவ்வளவு குறையும் என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. மூன்று வருஷத்தில் விற்பவர்கள் உங்கள் ஊர் நிலவரத்தை எழுதுங்கள்.