சூடான கோப்பியில் வே புரோட்டீன் ஏன் திரிகிறது?

வெள்ளவத்தை

காலையில் ஜிம் முடிந்து நேரே வேலைக்குப் போகிறவன் நான். கோப்பியும் புரோட்டீனும் ஒரே கோப்பையில் முடிந்தால் நேரம் மிச்சம் என்று, கேத்தலில் கொதித்த தண்ணீரில் கறுப்புக் கோப்பி ஊற்றி அதன் மேலே ஒரு கரண்டி வே ஐசோலேட் போட்டுக் கலக்கினேன். மேலே வெள்ளைத் துணுக்குகள் மிதக்கின்றன, அடியில் நறநறவென்று ஏதோ தங்குகிறது, குடிக்கவே முடியவில்லை. அதே பவுடர் குளிர்ந்த தண்ணீரில் ஷேக்கரில் குலுக்கினால் அழகாகக் கரைகிறது. வேலையிடத்தில் ஒருவர் சூடு பட்ட புரோட்டீன் செத்துப்போய்விடும், நீ குடிப்பது வெறும் சக்கை என்கிறார். உங்களில் யாராவது கோப்பியிலோ தேத்தண்ணியிலோ போட்டுக் குடிக்கிறீர்களா? என்ன நடந்தது?

கொட்டாஞ்சேனை

அவர் சொன்னது சரிதான். முட்டை வெள்ளைக்கரு சூடு பட்டதும் வெள்ளையாக இறுகுகிறதே, அதே கதைதான் இங்கேயும். டினேச்சர் ஆகிவிட்டது என்றால் திரும்பப் பழைய நிலைக்கு வராது. அதனால் நான் குளிர்ந்த தண்ணீரில் மட்டும்தான் எடுப்பேன், கோப்பி வேறு நேரம். காசு கொடுத்து வாங்கியதை ஏன் பாழாக்க வேண்டும்?

மட்டக்குளி

முதலில் அது அசல் பவுடர்தானா என்று பாருங்கள். நான் ஒருமுறை வாங்கிய டப்பாவில் பாதிக்கு மேல் கல்லாக இறுகிக் கிடந்தது. டப்பாவின் சீல், காலாவதித் திகதி இரண்டையும் பாருங்கள்.

தெஹிவளை

மட்டக்குளி அண்ணா, டப்பாவுக்குள் இறுகுவது ஈரக்காற்றால். கொழும்புக் காற்றில் மூடியைச் சரியாக மூடாமல் வைத்தாலே போதும். தம்பி கேட்பது கோப்பைக்குள் நடக்கிற விஷயம்.

நான் ஒரு பால் உணவுத் தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன், இது எங்களுக்கு அன்றாடம் வருகிற பிரச்சினை. தம்பி, அடுத்த முறை ஒரு கட்டியை எடுத்துக் கரண்டியால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே உலர்ந்த பவுடர் இருந்தால் அது நனையாத கட்டி: சூடான தண்ணீர் பட்டதும் வெளிப்பக்கம் உடனே பிசினாகி மூடிக்கொள்ள, உள்ளே தண்ணீர் போகவில்லை. உள்ளே முழுக்க ஒரே மாதிரி ரப்பராக, ஈரமாக இருந்தால் அது திரிந்த புரோட்டீன். நீங்கள் செய்த முறையில் இரண்டும் சேர்ந்தே வந்திருக்கும்.

திரிவதற்குச் சூடு மட்டும் காரணம் இல்லை. வே புரோட்டீனில் பாதியளவு பீட்டா லாக்டோகுளோபுலின். அது ஏறத்தாழ 70 டிகிரிக்கு மேலே மடிப்புக் குலைந்து, உள்ளே ஒளிந்திருந்த பகுதிகள் வெளியே வந்து, ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். ஆனால் புளிப்பில்லாத வெந்நீரில் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரே வகை மின்னூட்டத்தோடு மற்றதைத் தள்ளிவிடுவதால், அவ்வளவு பெரிதாகத் திரளாமல் வெறும் கலங்கலாக நின்றுவிடும். கறுப்புக் கோப்பியின் பிஎச் 5 ஐ ஒட்டி இருக்கும். இந்தப் புரோட்டீனின் மின்னூட்டம் சமநிலைக்கு வந்து தள்ளும் சக்தி போய்விடுவதும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான், 5.2 பக்கத்தில். குலைந்த புரோட்டீனைத் தள்ளிவைக்க அங்கே எதுவும் இல்லை, அதனால்தான் துணுக்குத் துணுக்காகத் திரள்கிறது. ஆறிய கறுப்புக் கோப்பியில் அதே பவுடரைக் கலக்கிப் பாருங்கள், புளிப்பு அதேதான், ஆனால் இப்படித் திரியாது.

கொட்டாஞ்சேனைத் தம்பி, மடிப்புக் குலைவது என்பது அமினோ அமிலம் போய்விடுவது இல்லை. எண்ணிக்கையும் வரிசையும் அப்படியே இருக்கின்றன. வயிற்று அமிலமும் நொதிகளும் எப்படியும் அதைப் பிரிக்கத்தான் போகின்றன, சொல்லப்போனால் குலையாத பீட்டா லாக்டோகுளோபுலினைப் பெப்சின் அவ்வளவு எளிதில் வெட்டாது, சூடு பட்டதை எளிதாக வெட்டும். நீங்களும் வேகவைத்த முட்டையைத்தானே சாப்பிடுகிறீர்கள்?

கொட்டாஞ்சேனை

அப்படியென்றால் டப்பாவில் டினேச்சர் ஆகாதது என்று போட்டு ஏன் விலை கூட்டி விற்கிறார்கள் அக்கா? லாக்டோஃபெரின், இம்யூனோகுளோபுலின் எல்லாம் சூட்டில் போய்விடும் என்கிறார்களே.

தெஹிவளை

அவை வேலை செய்வது அவற்றின் வடிவத்தை வைத்துத்தான், சூட்டில் அந்தச் செயல் குறையும் என்பது உண்மை. வாயால் குடிக்கும் அந்தச் சிறிய அளவு, சூடே படாவிட்டாலும், உடம்பில் எவ்வளவு தூரம் பயன் தருகிறது என்பதில் எனக்கு உங்கள் அளவு நம்பிக்கை இல்லை. தசைக்காகக் குடிப்பவர் அதற்காகக் கோப்பியை விட வேண்டியதில்லை. பவுடராகும் முன்பே பால் பாஸ்சரைஸ் செய்யப்பட்டு வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பம்பலப்பிட்டி

ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் எத்தனையோ வருடமாகப் பால்மாவில் கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி ஊற்றி இழுத்து ஆற்றித்தான் குடிக்கிறோம், ஒரு நாளும் திரியவில்லை. அதுவும் பாலிலிருந்து வந்த புரோட்டீன்தானே?

தெஹிவளை

நல்ல கேள்வி அக்கா. பால் புரோட்டீனில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். அதற்குச் சூட்டில் குலைய மடிப்பே பெரிதாக இல்லை, கொதித்தாலும் தாங்கும். வே மீதி ஒரு பங்குதான், அது குலைந்தாலும் பெரும்பாலும் கேசீன் துகளின் மேலேயே போய் ஒட்டிக்கொள்ளும். பால்மா சேர்ந்ததும் தேத்தண்ணியின் புளிப்பும் இறங்கிவிடும். அப்புறம் நீங்கள் பால்மாவைச் சீனியோடு சேர்த்துக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துவிட்டுத்தானே ஊற்றுவீர்கள்? நனையாத கட்டி வராததற்கு அதுதான் காரணம். வே பவுடருக்கும் அந்தக் குழைப்பு அப்படியே பொருந்தும், தண்ணீர் மட்டும் சூடில்லாததாக இருக்க வேண்டும்.

கிருலப்பனை

என் அப்பாவுக்கு ஒப்பரேஷனுக்குப் பிறகு வார்டில் புரோட்டீன் பவுடர் எழுதிக் கொடுத்தார்கள். அவர் குளிர்ந்தது எதையும் தொட மாட்டார், தேத்தண்ணி என்றால் மட்டும் குடிப்பார். சட்டியில் தேத்தண்ணியோடு போட்டுக் காய்ச்சினேன், அடியில் பிடித்துத் தீய்ந்த வாடை. இப்போது பால் தேத்தண்ணியைக் கோப்பையில் ஊற்றி, விரலால் தாங்கக்கூடிய சூடு வந்த பிறகு குழைத்த பவுடரைச் சேர்க்கிறேன், முகம் சுளிக்காமல் குடிக்கிறார்.

வெள்ளவத்தை

அக்கா சொன்னபடி செய்து பார்த்தேன். 30 கிராம் பவுடரை 100 மில்லி குழாய்த் தண்ணீரில், 28 டிகிரி என்று வைப்போம், ஷேக்கரில் கட்டி இல்லாமல் குலுக்கிக் கோப்பையில் ஊற்றினேன். கோப்பியில் முதலில் பால்மா கலந்து, 85 டிகிரிக்கு இறங்கும்வரை விட்டு, 150 மில்லியை மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே கலக்கினேன். கணக்குப்படி கலவை 62 டிகிரி, கோப்பையும் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஒரு துணுக்கும் இல்லை, குடிக்கிற சூடும் இருக்கிறது. ஆனால் 95 இல் அப்படியே ஊற்றினால் 68 வருகிறது, எல்லைக்குப் பக்கத்தில்.

தெஹிவளை

68 என்பது கலந்து முடிந்த பிறகுள்ள சூடு. தாரை விழும் இடத்தில் ஒரு நொடி அதைவிடக் கூடுதலாக இருக்கும், அதனால் ஆறவிட்டே ஊற்றுங்கள். இன்னொன்று, சூடான கோப்பியை ஷேக்கரில் மூடிக் குலுக்கவே வேண்டாம். உள்ளே ஆவி அழுத்தி மூடி தெறித்துவிடும். எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு பிள்ளைக்குக் கை வெந்தது.

பம்பலப்பிட்டி

பால் சேர்க்காத பிளேன்டீயில்? என் மகன் அப்படித்தான் கேட்கிறான். 60 டிகிரிக்குக் கீழே ஆறவைத்துப் போட்டும் இலேசாகக் கலங்கி, நாக்கில் ஒரு துவர்ப்பு நிற்கிறது.

தெஹிவளை

அதில் சூட்டின் பங்கு குறைவாக இருக்கும். சாயத்தின் டானின் புரோட்டீனைப் பிடித்துக்கொள்கிறது, அது குளிரிலும் நடக்கும். சாயத்தைக் குறைத்து ஊற்றிப் பாருங்கள், கலங்கல் குறைகிறதா என்று எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனை

அந்த டானின் பிடித்த பங்கு உடம்பில் சேருமா சேராதா என்று யாராவது சொல்லும்வரை நான் தண்ணீரிலேயே இருக்கிறேன்.