புதுப்பிப்பு: முதல் சம்பளக் கடிதமும் மூன்று பாடல்களும்

முன்பு நான் கேட்டது: “முதல் சம்பளம் வந்துவிட்டது. அம்மா, அப்பாவுக்குக் கடிதத்தோடு மூன்று பாடல்கள் அனுப்பப் போகிறேன். எவை பொருந்தும்?”

கடிதம் நேற்று தபாலில் போய்விட்டது. அம்மாவுக்கு ‘மன்னன்’ (1992) படத்தின் ‘அம்மா என்றழைக்காத’. வைரமுத்து பாட்டு என்று ஒரு தம்பி சொன்னார். பாட்டைச் சரியாகத்தான் சொன்னார், ஆனால் எழுதியவர் வாலி. தங்கமும் வைரமும் தாய்க்கு ஈடாகுமா என்று அதில் வரும். சம்பளத்தில் வாங்கிய சிறு மூக்குத்தியோடு அனுப்ப அதைவிடப் பொருத்தமான பாட்டு எனக்குத் தெரியவில்லை.

அப்பாவுக்குப் பலரும் சொன்னது ‘தெய்வங்கள் எல்லாம்’. பாடல்களை நன்றாக அறிந்த ஒரு அக்கா தடுத்தார்: “படத்தில் அது அப்பாவின் இழப்பை ஒட்டி வரும்மா. பாட்டைக் கேட்டால் அந்தக் காட்சிதான் நினைவுக்கு வரும்.” அவர் சொன்னபடி ‘தங்க மீன்கள்’ படத்தின் ‘ஆனந்த யாழை’ வைத்தேன். நா. முத்துக்குமாருக்குத் தேசிய விருது தந்த பாட்டு. மகளைப் பார்த்து அப்பா நெகிழும் வரிகள் அவை. அதனால் கடிதத்தில், “இது நீங்கள் எனக்குப் பாடியது, நான் திருப்பித் தருகிறேன்” என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி இல்லாவிட்டால் நன்றி யாருடையது என்பது குழம்பிவிடும்.

மூன்றாவது, ‘ஆட்டோகிராஃப்’ படத்தின் ‘ஒவ்வொரு பூக்களுமே’. அது நன்றிப் பாட்டே இல்லை, தன்னம்பிக்கைப் பாட்டு என்று ஒருவர் இன்னும் வாதிடுகிறார். சரிதான். ஆனால் வேலை கிடைக்காத மாதங்களில் அம்மா எனக்குப் போட்டுக் காட்டிய பாட்டு அது.

இன்னொரு அண்ணன் முதல் சம்பளத்தை அப்படியே கடனுக்குக் கட்டியதை எழுதியிருந்தார். அண்ணா, கடிதம் எழுதப் பணம் வேண்டாம். இப்போதும் எழுதலாம்.