கர்ப்பத்தில் புரோட்டீன் எஸ் 36%: ஊசி அளவைக் கூட்டலாமா?

தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். வயது 27, முதல் கர்ப்பம், 20 வாரம், எடை 58 கிலோ. இரண்டு வருடம் முன்பு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை தொடங்கிய மூன்றாம் மாதம் இடது தொடை வீங்கியது. டாப்ளரில் ஆழ்சிரையில் உறைகட்டி. மாத்திரையை நிறுத்தி, மூன்று மாதம் வார்ஃபரின் கொடுத்தார்கள்.

இப்போது 8 வாரத்திலிருந்து எனாக்ஸாபரின் 40 மி.கி., தினம் ஒரு ஊசி. வீக்கமோ மூச்சுத்திணறலோ இல்லை. டாப்ளரில் புதுக் கட்டி இல்லை. தட்டணு, கிரியேட்டினின், ஆன்டித்ராம்பின் எல்லாம் சரி. வெளி லேபில் எடுத்த ஃப்ரீ புரோட்டீன் எஸ் மட்டும் 36%. ரிப்போர்ட்டில் 'குறைவு' என்று சிவப்பில் போட்டதும், பரம்பரை நோய் என்று குடும்பமே கலங்கிப்போயிருக்கிறது.

உறைதலுக்குக் கடிவாளம் போடும் புரதம் இது. மாத்திரையிலும் குறையும், கர்ப்பத்தில் இன்னும் குறையும். ஃபைப்ரினோஜெனும் எட்டாம் காரணியும் ஏறும். இரண்டாம் மும்மாதத்தில் 30%க்குக் கீழே போனால்தான் சந்தேகப்பட வேண்டும். இந்தச் சமயத்தில் அந்தப் பரிசோதனையே தேவையில்லை என்பது என் கருத்து. கர்ப்பத்துக்கு முந்தைய அளவு கிடைக்குமா என்று பழைய ஃபைலைத் தேடியாயிற்று. அப்போது எடுக்கவே இல்லை. குடும்பத்தில் வேறு யாருக்கும் கட்டி வந்ததில்லை.

பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை இதே 40 மி.கி. தொடர்வதாகத் திட்டம். இந்த 36%ஐ மட்டும் வைத்து அளவைக் கூட்ட ஏதாவது காரணம் இருக்கிறதா?